அவர் படத்திறப்பில் நான் பேசினேன்

எங்கள் பாலக்கோடு பக்கம் ஒருவர் இறந்தால் எடுத்த அன்று ஒப்பாரி, பதினாறாம் நாள் காரியம், காரியம் முடிந்த கையோடு பந்தலிலேயே படத்திறப்பு. படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்பார்கள். அப்புறம் நாலைந்து பேர் மைக்கில் பேசுவார்கள். சங்கத்துத் தலைவர், கட்சிக்காரர், ஊர்ப் பெரியவர், சம்பந்தி வீட்டார் ஒருவர். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று முடியும். பெண்டாட்டி பேசுவது வழக்கமில்லை. அவள் உள்ளே பெண்களோடு உட்கார்ந்து, வெளியே தன் புருஷனைப் பற்றி மைக்கில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். போன தை மாதம் இறந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி 38 வருடம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், பதிவேடு எழுதிப் பழக்கம் உண்டு, மேடைப் பழக்கம் கிடையாது. ஆனாலும் அவருடைய படத்திறப்பில் நான் பேசுவது என்று முடிவெடுத்தேன். பேசினேன். அதைக் கேட்டவர்களில் சிலர் பிறகு வந்து, "எப்படி எழுதினீங்க, அழாம எப்படிப் படிச்சீங்க" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் சம்மதம். என் நாத்தனார் பெரியவர், அவருக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்மா, நீ போய் மைக் முன்னாடி நிக்கணுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார். நான் சண்டை போடவில்லை. "அண்ணி, எடுத்த அன்னைக்கு ஒப்பாரியில நான்தானே முதல்ல எடுத்தேன். ஊரே கேட்டுச்சே, யாரும் ஒண்ணும் சொல்லலையே. அன்னைக்கு அழுதுகிட்டுச் சொன்னேன், இன்னைக்கு உட்கார்ந்து சொல்றேன்" என்றேன். அவர் பேசாமல் இருந்தார். மறுநாள் அவரே வந்து, சின்ன வயதில் தன் தம்பி ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிய கதையைச் சொல்லி, "வேணும்னா இதையும் சேர்த்துக்கோ" என்றார். இப்படிப் பேச நினைக்கிறவர்கள் எதிர்ப்பவரிடமே ஒரு நினைவைக் கேட்டு வாங்கலாம். அதில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது.

எழுதுவதற்கான சரக்கு தானாகவே வீட்டுக்கு வந்தது. அந்தப் பதினாறு நாளும் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். "ஒரு தடவை நடுராத்திரி வந்து மோட்டாரை இறக்கிக் கொடுத்தாரு", "எங்கிட்ட ரெண்டு வருஷம் காசே கேக்கலை", "என்னைத் திட்டுன திட்டு இன்னும் ஞாபகம் இருக்கு." கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதையெல்லாம் ஒரு வரி, இரண்டு வரியாக எழுதி வைத்தேன். சொன்னவர் யார், எந்த ஊர் என்றும் பக்கத்திலேயே குறித்தேன். அவர்கள் போன பிறகு யார் சொன்னது என்பது குழம்பிவிடும். துக்கத்தில் மனசு எதையும் ஒழுங்காகப் பிடித்து வைக்காது.

பத்துப் பன்னிரண்டு நாளில் நாலைந்து பக்கம் சேர்ந்துவிட்டது. அவ்வளவும் பேச முடியாது. படத்திறப்பு முடிந்ததும் சாப்பாடு, வந்தவர்களுக்குப் பசி, பின்னால் அண்டா குண்டா சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 80, 90 வார்த்தை போகிறது. ஐந்து நிமிடத்துக்கு 400 வார்த்தை, அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு எனக்கு வழி காட்டியது என் மகள். அவள் தமிழாசிரியை. தகடூர் என்ற நம் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது, 235ஆம் பாட்டு. அதை எனக்குப் படித்துக் காட்டினாள். அத்தனை போர் செய்த அரசனைப் பற்றிய பாட்டின் தொடக்கத்தில் அவன் ஜெயித்த ஊர்க் கணக்கே கிடையாது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்றுதான் ஆரம்பிக்கிறார். அப்புறம் ஒரு வரி: "நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே." வாசனை மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான், அது இனி இல்லை. அந்த ஒரு வரியில் அவன் கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஈகையில் சிறந்தவன் என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்காது.

அதைக் கேட்டதும் நோட்டை எடுத்து, அவர் வழக்கமாகச் செய்தது எது, ஒரு தடவை மட்டும் நடந்தது எது என்று பிரித்தேன். வழக்கமாகச் செய்ததற்குத்தான் முதல் இடம். அப்புறம் இன்னொரு சல்லடையும் போட்டேன். மற்றவர்களும் சொல்லக்கூடியதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடையில் அவர் நாணயமானவர் என்பதைச் சங்கத்துத் தலைவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஊர் பார்த்த பாதி ஊருக்குத் தெரியும். அதே விஷயத்தில் வீட்டுக்குள் நடந்த மறுபாதியைச் சொல்லப் பெண்டாட்டியை விட்டால் ஆளில்லை. அதனால் நான் எடுத்த ஒவ்வொன்றிலும் ஊருக்குத் தெரிந்த ஒரு முனை இருக்கும்படியும், வீட்டில் முடியும்படியும் பார்த்துக்கொண்டேன்.

எழுதியதிலிருந்து ஒரு பகுதி இது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் படிக்கிறேன். கடையில் அவர் எப்படி என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடை சாத்திய பிறகு எப்படி என்று நான் சொல்கிறேன்.

அவர் கோபக்காரர். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனது தெரியாமல் மோட்டாரை ஓடவிட்டுக் கருக்கிக்கொண்டு வந்தால், கடை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுவார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வாங்கியிருப்பீர்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில், 'அவன் என்ன பண்ணுவான், போர்ல தண்ணி இல்ல, பயிர் காயுது' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவார். விடிகாலையில் யாருக்கும் முன்னால் போய் அந்த மோட்டாரைத்தான் முதலில் பிரிப்பார்.

சித்திரை வைகாசியில் வீடு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். விரலெல்லாம் வார்னிஷ். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார். அப்புறம் சீயக்காய் போட்டுக் கழுவுவார். கழுவிவிட்டுக் கையை மோந்து பார்ப்பார். வாசம் இருந்தால் மறுபடியும் கழுவுவார். அதற்குப் பிறகுதான் தூங்குகிற பிள்ளையைத் தொடுவார். பேரன் பிறந்த பிறகும் அப்படியே.

கடையை 1991இல் ஆரம்பித்தார். முதலில் வாடகை இடம், அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தது.

ஒரு வருடம் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. காயில் கட்டிய கூலிக்குப் பதிலாக ஒருவர் நாலு பெட்டி தக்காளியை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மளிகைக் கடைக்குத் தக்காளி கொடுக்க முடியுமா என்று நான் கோபப்பட்டேன். 'அவன்கிட்ட இருக்கறது அதுதானே' என்றார். உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அரிந்தார். அந்தத் தொக்கு ஆடி வரைக்கும் வந்தது."

இதில் அவருடைய கோபத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மகன் தயங்கினான். "செத்தவங்களைப் பத்திக் குறை சொல்லலாமா அம்மா?" என்றான். அவர் கோபக்காரர் என்பது பாலக்கோட்டுச் சந்தை முழுக்கத் தெரியும். அதை விட்டுவிட்டுச் சாந்தமானவர் என்ற தோரணையில் நான் பேசினால், அடுத்து நான் சொல்கிற எதையும் ஜனம் நம்பாது. சொன்னதும் பந்தலில் பாதிப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பக்கத்தில் இருப்பவரோடு பேசவில்லை. ஆனால் எல்லாக் குறையையும் சொல்லக் கூடாது. கேட்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும், சொல்வதால் உயிரோடு இருக்கும் யாருக்கும் தலைகுனிவு வரக் கூடாது. கொடுக்கல் வாங்கல், பாகப்பிரிவினை, பேச்சு வார்த்தை இல்லாமல் போன சொந்தம், இதெல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதில் ஒரு வரிகூட அந்தத் தாளுக்கு வரவில்லை.

நோயைப் பற்றி ஒரே வரி. கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார், பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி, அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். பதினாறு நாளும் அந்த எட்டு மாதத்தையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. மைக்கிலும் அதையே சொன்னால் அந்த மனிதர் வாழ்ந்த அத்தனை வருடமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிந்தது போல ஆகிவிடும். நன்றி சொல்வதிலும் நான் பெயர் எதையும் எடுக்கவில்லை. பத்துப் பெயரைச் சொல்லிப் பதினொன்றாவது பெயரை விட்டால் அந்தக் குறை பல வருடம் இருக்கும். பெயர் சொல்லி நன்றி கூறும் வேலையை மகனிடம் கொடுத்தோம். அவன் பட்டியல் போட்டு, பெரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு கடைசியில் சொன்னான்.

பெயர் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வோம். மைக்கில் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று எனக்கு யோசனையாக இருந்தது. தேவையில்லை. கூட்டத்தை நடத்துபவர் என்னை அழைக்கும்போதே அவர் முழுப்பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டார். நான் 'அவர்' என்றும், மகன் பெயரைச் சேர்த்து 'இன்னார் அப்பா' என்றும் வீட்டில் கூப்பிட்டபடியே பேசினேன். வேறு மாதிரி பேசியிருந்தால் அது என் வாயாக இருந்திருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாழ்ந்தவர்கள் பெயரைச் சொல்லலாம், அதில் தப்பில்லை. வீட்டில் என்ன அழைப்போ அதுவே மைக்கிலும் இருக்கட்டும்.

இனி, குரல் உடைகிற விஷயம். மனசுக்குள் படித்துப் பார்த்தால் எங்கே உடையும் என்று தெரியாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்தேன். நோய் பற்றிய வரியில் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், அங்கே ஒன்றும் ஆகவில்லை. 'கையை மோந்து பார்ப்பார்' என்ற இடத்தில்தான் தொண்டை அடைத்தது. திரும்பப் படித்தாலும் அதே இடம். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் மகள். எனக்கு மனசில்லை, அதுதான் அவர். அதனால் தாளை அதற்கேற்றபடி மாற்றினேன். அந்தப் பத்திக்கு முன்னால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தப் பத்தி முடிந்ததும் உணர்ச்சி எதுவும் இல்லாத ஒரு வரி. மேலே கடை ஆரம்பித்த வருடத்தைப் பற்றி ஒரு வரி தனியாக நிற்கிறதே, அது அதற்காகத்தான். வருடம், இடம், எண் இப்படி எதையாவது படிக்கும்போது குரல் தானாக நிமிர்ந்துகொள்கிறது. அழுகை வரும் இடத்தை முதல் வரியிலும் வைக்கக் கூடாது, கடைசி வரியிலும் வைக்கக் கூடாது. முதலில் வைத்தால் பேச்சு ஆரம்பிக்காமலே நின்றுவிடும். கடைசியில் வைத்தால், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க முடியாது.

அதோடு, என் மருமகள் கையில் இன்னொரு பிரதி இருந்தது. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "நான் வரி மேல விரலை வெச்சா நீ அங்கேர்ந்து படி, நான் திரும்ப ஆரம்பிச்சா நிறுத்திக்கோ" என்று முன்னாலேயே பேசிக்கொண்டோம். அதையும் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தோம். பந்தலில் அந்த இடம் வந்ததும் விரலை வைத்தேன். "கழுவிவிட்டுக் கையை மோந்து பார்ப்பார், வாசம் இருந்தால் மறுபடியும் கழுவுவார்" என்று அவள் படித்தாள். "அதற்குப் பிறகுதான்" என்று நான் எடுத்துக்கொண்டேன். துணைக்கு நிற்பவர் உறவில் ஒரு படி தள்ளி இருப்பது நல்லது. மகனோ மகளோ நின்றால் அவர்களுக்கும் அதே இடத்தில் தொண்டை அடைக்கும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள் சிலவும் உண்டு. போனைப் பார்த்துப் படிக்க வேண்டாம். பந்தல் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது, நடுவில் யாராவது அழைப்பார்கள். தாளில் பெரிய எழுத்தாக, ஒரு பக்கம் மட்டும், பக்க எண் போட்டு, ஒரு வாக்கியம் தாளின் அடியில் பாதியில் உடையாமல் எழுதிக்கொள்ள வேண்டும். மைக் செட்காரரிடம் எதிரொலியைக் குறைக்கச் சொல்லி, உட்கார்ந்து பேசும் உயரத்துக்கு ஸ்டாண்டை இறக்கி வைக்கச் சொன்னோம். முதல் ஆளாகப் பேச அனுமதி கேட்டு வாங்கினேன். மற்றவர்கள் பேசப் பேச மனசு கரைந்துகொண்டே போகும். அன்றைக்குக் காலையில் எங்களைப் போன்றவர்களுக்குச் சடங்குகள் இருக்கின்றன. எதைச் செய்தோம், எதை விட்டோம் என்பது எங்கள் வீட்டோடு இருக்கட்டும். ஆனால் எதுவாக இருந்தாலும் அது உடம்பில் இருக்கும் தெம்பையெல்லாம் எடுத்துவிடும். வெறும் வயிற்றில் மைக் முன்னால் உட்காரக் கூடாது. ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழாவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

முடிவுக்கு நான் வார்த்தை தேடவில்லை, ஒரு வேலையைச் சொன்னேன். அவரிடம் பழைய நோட்டு ஒன்று உண்டு. யாருடைய மோட்டார், எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்லாட், கம்பி என்ன கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்திருப்பார். கருகிய காயிலை அறுத்து எடுக்கும்போதே எண்ணிக் குறித்துவிடுவார். அந்தக் கணக்கு தப்பினால் மோட்டார் சூடாகும், மறுபடியும் கருகும். "அந்த நோட்டு இப்போது அவரிடம் தொழில் கற்ற தம்பியிடம் இருக்கிறது. உங்கள் மோட்டார் விவரம் அதில் இருக்கும். இனிமேல் அந்தத் தம்பியிடம் கொண்டு போங்கள்" என்று சொல்லித் தாளை மடித்தேன். வந்திருந்த விவசாயிகளில் சிலர் அங்கேயே அந்தத் தம்பியின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். கடையில் பழுதுக்கு வந்து பாதியில் நிற்கும் மோட்டார்களைப் பற்றியோ, வர வேண்டிய பாக்கியைப் பற்றியோ நான் பேசவில்லை. மகன் அதைத் தனித்தனியாகப் போய்ப் பேசினான்.

பங்குனியில் காரிமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் மனைவி படத்திறப்புக்கு முன்னால் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வருடத்துக்குப் பக்கமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். "எனக்கு அவளைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே தோணலையேம்மா, நல்லவ, அவ்வளவுதான் தோணுது" என்றார். ஆண்கள் பலருக்கு இதுதான் சிரமம். மனைவி செய்ததெல்லாம் கண் முன்னாலேயே நடந்ததால் தனியாகக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் அவரிடம் குணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில எழுந்ததும் அவங்க கை முதல்ல எதைத் தொடும், புளி உலுக்குற காலத்துல அவங்க எங்க உட்காருவாங்க, அவங்க இல்லாம இந்தப் பதினைஞ்சு நாள்ல வீட்டுல எந்த வேலை நின்னுபோச்சு என்று கேட்டேன்.

கடைசிக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொன்னார். "விதை ராகிப் பானையைத் தொறக்க யாருக்கும் தெரியலைம்மா. அவ சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு, வாயில துணி கட்டிச் சாணம் பூசி மூடுவா. எந்தப் பானையில எந்த வருஷத்து விதைன்னு அவளுக்குத்தான் தெரியும். நாங்க எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாக்கறோம்."

அதை அப்படியே எழுதச் சொன்னேன். அவருக்கு எழுத வராது, பேத்தி எழுதினாள். பந்தலில் மூன்று நிமிடம்தான் பேசினார், பானையைப் பற்றித்தான் பேசினார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்த அவருடைய கொழுந்தியாள் எழுந்து போய், அக்கா எந்தப் பானையில் எதை வைப்பாள் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லி, மருமகள்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.